தொடரில் இணைத்த இரண்டு பல்புகளில் எது பிரகாசமாக எரியும்?

ஒரு மரப்பலகையில் இரண்டு பல்பு ஹோல்டர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றில் 40 வாட் குண்டு பல்பும் மற்றொன்றில் 100 வாட் குண்டு பல்பும் மாட்டப்பட்டுள்ளன. பிளக்கிலிருந்து வரும் பேஸ் கம்பி முதல் ஹோல்டரின் ஒரு முனைக்குச் செல்கிறது. அதன் மறுமுனையிலிருந்து ஒரு கம்பி இரண்டாவது ஹோல்டருக்குப் போகிறது. அங்கிருந்து நியூட்ரல் கம்பி பிளக்குக்குத் திரும்புகிறது. அதாவது மின்சாரம் ஒரு பல்பைக் கடந்துதான் அடுத்த பல்புக்குள் நுழைய முடியும். இதுவே தொடர் இணைப்பு. சுவிட்சைப் போடும் முன், எது அதிகமாக ஒளிரும் என்று வகுப்பில் கேட்டால், பெரும்பாலானவர்கள் தயக்கமின்றி 100 வாட் பல்பைத்தான் சொல்வார்கள். சுவிட்சைப் போட்டதும் 40 வாட் பல்பு நன்றாக எரிகிறது. 100 வாட் பல்போ எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய நிலையில், இழை மட்டும் மங்கிய சிவப்பாகத் தெரிய நிற்கிறது.

பல்பு பழுதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதே 100 வாட் பல்பைக் கழற்றி வீட்டின் வழக்கமான ஹோல்டரில் மாட்டினால் கண் கூசும்படி எரியும். பல்பில் குறையில்லை, பல்பின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணை நாம் படித்த விதத்தில்தான் குறை இருக்கிறது.

பல்பின் கண்ணாடியிலோ மூடியிலோ "230V 100W" என்று எழுதியிருக்கும். நம்மில் பலர் இரண்டாவது எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதல் எண்ணை விட்டுவிடுகிறோம். உண்மையில் அது ஒரு நிபந்தனையோடு கூடிய வாக்கு: என் இரு முனைகளுக்கும் இடையே 230 வோல்ட் கொடுத்தால் நான் 100 வாட் எடுத்துக்கொள்வேன். 230 வோல்ட் கிடைக்காதபோது அந்த 100 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. வீட்டில் எல்லா விளக்குகளும், ஒவ்வொன்றும் தனித்தனியே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைந்த பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, நிபந்தனை எப்போதும் நிறைவேறுகிறது. ஆகையால் அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை. தொடர் இணைப்பில் 230 வோல்ட்டை இரண்டு பல்புகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்பதுதான் இங்குள்ள ஒரே கேள்வி.

அதற்குப் பல்பின் மின்தடை தெரிய வேண்டும். அச்சிட்ட இரண்டு எண்களிலிருந்தே அதைக் கணக்கிட்டுவிடலாம். மின்தடை R, மின்னழுத்தம் V, திறன் P என்றால்,

R = V²/P

230-இன் வர்க்கம் 52,900. அதை 100-ஆல் வகுத்தால் 529 ஓம். 40-ஆல் வகுத்தால் சுமார் 1,322 ஓம். ஆக, குறைந்த வாட் பல்புக்குத்தான் மின்தடை அதிகம், அதுவும் இரண்டரை மடங்கு. முதல் முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சற்று யோசித்தால் இதில் புதிர் ஏதுமில்லை. ஒரே 230 வோல்ட்டில் குறைவான திறனை எடுக்க வேண்டுமென்றால் குறைவான மின்னோட்டமே பாய வேண்டும். குறைவான மின்னோட்டம் பாய வேண்டுமென்றால் தடை அதிகமாக இருந்தாக வேண்டும். பல்பு செய்பவர்கள் இதற்காக 40 வாட் பல்பின் டங்ஸ்டன் இழையை 100 வாட் பல்பின் இழையைவிட மெல்லியதாக இழுக்கிறார்கள். கம்பி மெலிந்தால் தடை கூடும்.

இப்போது பலகைக்கு வருவோம். தொடர் இணைப்பில் மின்சாரத்துக்கு ஒரே பாதைதான் இருக்கிறது, கிளை வழி கிடையாது. முதல் பல்பில் நுழைந்த மின்னூட்டம் வழியில் எங்கும் தேங்கி நிற்பதில்லை, எங்கும் தொலைந்து போவதுமில்லை. அது அப்படியே இரண்டாவது பல்புக்குள் சென்றாக வேண்டும். எனவே இரண்டிலும் பாயும் மின்னோட்டம் ஒன்றே. முதல் பல்பு மின்னோட்டத்தில் பாதியைத் "தின்றுவிடுவதால்" இரண்டாவது மங்கலாகிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது தவறு என்பதை எளிதில் காட்டலாம். பல்புகள் இரண்டையும் ஹோல்டர் மாற்றி மாட்டுங்கள். வரிசை மாறியும் 40 வாட் பல்பே பிரகாசமாக எரியும். எது முதலில் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

மின்னோட்டம் ஒன்றே என்றான பிறகு, எந்தப் பல்பின் தடை அதிகமோ அதைக் கடந்து அந்த மின்னோட்டத்தைச் செலுத்துவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஆகவே 230 வோல்ட்டில் பெரிய பங்கு 40 வாட் பல்புக்குப் போகிறது. மொத்தத் தடை 529-உம் 1,322-உம் சேர்ந்து 1,851 ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 0.124 ஆம்பியர். இந்த மின்னோட்டத்தை ஒவ்வொரு தடையாலும் பெருக்கினால் 40 வாட் பல்பின் முனைகளுக்கிடையே 164 வோல்ட்டும், 100 வாட் பல்பின் முனைகளுக்கிடையே 66 வோல்ட்டும் கிடைக்கின்றன. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. அதன்படி 40 வாட் பல்பு சுமார் 20 வாட்டும், 100 வாட் பல்பு சுமார் 8 வாட்டும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டுமே தம் மீது அச்சிட்ட அளவை எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எடுப்பதே 28 வாட் அளவுதான்.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாக ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். P = V²/R என்ற சூத்திரத்தில் தடை கீழே இருக்கிறது; தடை கூடினால் திறன் குறையும் என்கிறது அது. மின்னோட்டத்தை I என்று குறிக்கும் P = I²R என்ற சூத்திரத்திலோ தடை மேலே இருக்கிறது; தடை கூடினால் திறன் கூடும் என்கிறது இது. இரண்டில் எதை நம்புவது? இரண்டும் சரியானவையே. ஒப்பிடப்படும் இரண்டு பொருள்களுக்கும் எது பொதுவாக இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொதுவானது. அங்கே V மாறாமல் நிற்பதால் முதல் சூத்திரத்தைக் கொண்டு ஒப்பிடலாம், தடை குறைந்த 100 வாட் பல்பே வெல்லும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் பொதுவானது. I மாறாமல் நிற்பதால் இரண்டாவது சூத்திரம் ஒப்பிட வசதியானது, தடை கூடிய 40 வாட் பல்பு வெல்லும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அதில் எந்த எழுத்து நிலையாக நிற்கிறது என்று பார்க்காமல் விடுவதால்தான் இந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாகத் தேர்வுகளில் மதிப்பெண்ணைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

மேலே போட்ட கணக்கு பாடப்புத்தகக் கணக்கு. அதில் 20 வாட்டுக்கு 8 வாட் என்று வருகிறது. ஆனால் பலகையில் கண்ணால் காண்பது அந்த விகிதத்தைவிட மிகப் பெரிய வேறுபாடு; 8 வாட் எடுக்கும் இழை ஏன் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கிறது? மல்டிமீட்டரை எடுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஹோல்டர் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தால் 164-உம் 66-உம் வருவதில்லை. கிட்டத்தட்ட 190-உம் 40-உம் என்ற அளவில் வரும். (இது 230 வோல்ட் வீட்டு மின்சாரம். பழக்கமில்லாதவர்கள் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும்; அளப்பதை ஆய்வக ஆசிரியரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ விட்டுவிடலாம்.) கணக்கு பொய்க்கவில்லை. தடை மாறாமல் இருக்கும் என்று நாம் சொல்லாமல் வைத்துக்கொண்ட அனுமானம்தான் பொய்த்திருக்கிறது.

டங்ஸ்டனின் தடை வெப்பத்தோடு ஏறும். முழு வெளிச்சத்தில் எரியும் இழையின் வெப்பநிலை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ். அந்த நிலையில்தான் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். அதே பல்பைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் அளந்தால் 35 முதல் 40 ஓம் வரைதான் காட்டும், அதாவது பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூத்திரம் சொன்ன 529 எங்கே, மீட்டர் காட்டும் 40 எங்கே என்று மீட்டரைக் குறை சொல்லும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் சரியாகவே காட்டுகிறது. அது அளப்பது எரியாத இழையை.

இனி இரண்டு இழைகளும் தொடரில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இரண்டும் குளிர்ந்திருக்கின்றன. அப்போதும் மெல்லிய இழையின் தடையே அதிகம். எனவே அதுவே அதிகத் திறனை எடுக்கிறது. தவிர, மெல்லிய இழையில் உலோகம் குறைவு, ஆகையால் அது விரைவில் சூடேறுகிறது. சூடேறியதும் அதன் தடை மேலும் ஏறுகிறது. தடை ஏறியதும் மின்னழுத்தத்தில் அதன் பங்கு மேலும் கூடுகிறது. பங்கு கூடியதும் இன்னும் சூடேறுகிறது. மறுபுறம் 100 வாட் பல்பின் தடித்த இழைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. அது சூடேற வழியில்லாமல் தன் தடையையும் தாழ்ந்த அளவிலேயே வைத்திருக்கிறது. உள்ளவனுக்கே மேலும் சேரும் கதைதான். இந்த இழுபறி ஒரு நொடிக்குள் முடிந்து, 40 வாட் பல்புக்குச் சுமார் 193 வோல்ட்டும் 100 வாட் பல்புக்குச் சுமார் 37 வோல்ட்டும் என்ற நிலையில் வந்து நிற்கிறது. திறனில் சொன்னால் முன்னது 30 வாட் அளவும், பின்னது 6 வாட் அளவும் எடுக்கின்றன. இவை டங்ஸ்டன் பல்பின் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு போட்ட தோராய மதிப்புகள்; பல்புக்குப் பல்பு சற்று மாறும்.

6 வாட் என்பது ஒரு சிறிய இரவு விளக்குக்குப் போதுமே, பிறகேன் வெளிச்சம் வரவில்லை என்று கேட்கலாம். அந்த 6 வாட் 100 வாட்டுக்காகச் செய்த பெரிய இழையில் பரவுகிறது. அதை வைத்து அந்த இழை எட்டக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய 1,000 டிகிரிதான். அந்த வெப்பநிலையில் உலோகம் கொல்லன் உலையில் கிடக்கும் இரும்பைப் போல மங்கிய சிவப்பாக இருக்கும். வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே போய்விடும். எனவே பல்பைக் கையால் தொட்டால் இளஞ்சூடு தெரியும், கண்ணால் பார்த்தால் வெளிச்சம் தெரியாது. திறன் குறைவதைவிடப் பன்மடங்கு வேகமாக ஒளி குறைகிறது.

மோட்டார் காயில் கட்டும் கடைகளிலும் மிக்சி பழுதுபார்க்கும் கடைகளிலும் "சீரீஸ் போர்டு" என்று ஒரு பலகை இருக்கும். அது நம் பலகையேதான். ஒரு ஹோல்டரில் 100 வாட் அல்லது 200 வாட் குண்டு பல்பு நிலையாக இருக்கும், இரண்டாவது ஹோல்டருக்குப் பதில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். பழுதான சாதனத்தை நேரடியாக மின்சாரத்தில் செருகாமல் முதலில் இந்தப் பாயின்ட்டில் செருகுவார்கள். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் என்ன ஆகும்? அதன் தடை சுமார் 53 ஓம். 100 வாட் பல்பின் தடையோ அதைப்போல் பத்து மடங்கு. 230 வோல்ட்டில் 209 வோல்ட் பல்புக்கே போய்விடுவதால் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரிகிறது, பெட்டி 8 வாட் மட்டும் எடுத்துக்கொண்டு சூடேறாமல் கிடக்கிறது. பெட்டியின் உள்ளே காயில் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. ஒரு சின்ன மொபைல் சார்ஜர் போன்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் சாதனத்தைச் செருகியும் பல்பு முழுதாக எரிந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். அப்போதும் பாதையில் பல்பின் தடை இருப்பதால் மின்னோட்டம் ஒரு ஆம்பியரைத் தாண்டாது, பியூஸ் போகாது. சீரீஸ் போர்டில் பல்பு எரிவதைப் பார்த்தே பழுதைச் சொல்லும் மெக்கானிக், சூத்திரம் எழுதாமல் இந்தக் கட்டுரையின் கணக்கைத்தான் போடுகிறார்.

இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பு உதவாது. எல்.இ.டி. பல்பின் உள்ளே ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது. அது மின்னழுத்தம் குறைந்தாலும் தன் திறனை ஒரே அளவில் வைத்திருக்க முயலும், போதாதபோது அணைந்து அணைந்து மின்னும். அதற்கு நிலையான தடை என்று ஒன்றைச் சொல்ல முடியாது, ஆகவே V²/P கணக்கும் பொருந்தாது. இரண்டு எல்.இ.டி. பல்புகளைத் தொடரில் இணைத்துவிட்டு இங்கே சொன்னது நடக்கவில்லையே என்று கேட்பதில் பயனில்லை. இங்கே பேசுவதெல்லாம் இழை கொண்ட குண்டு பல்பைப் பற்றித்தான்.

நுழைவுத் தேர்வுகளில் இதே கேள்வி இன்னொரு வடிவில் வரும். 220 வோல்ட்டுக்கான 25 வாட், 100 வாட் பல்புகளைத் தொடரில் இணைத்து 440 வோல்ட் கொடுத்தால் எது பியூஸ் போகும்? 25 வாட் பல்பின் தடை 1,936 ஓம், மற்றதன் தடை 484 ஓம். 440 வோல்ட் நான்குக்கு ஒன்று என்று பிரிந்து 25 வாட் பல்புக்கு 352 வோல்ட் போகிறது. 220-ஐத் தாங்குவதற்குச் செய்த இழைக்கு 352 வோல்ட் கிடைத்தால் அது எரிந்து அறுந்துவிடும். அது அறுந்ததும் பாதை முறிந்து, பழுதில்லாத 100 வாட் பல்பும் அணைந்துவிடும். யார் வீட்டில் 440 வோல்ட் இருக்கிறது, இது தேர்வுக்காகக் கட்டிய கற்பனை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது கற்பனை இல்லை. நம் தெருக்களில் நடப்பது; அதற்கு "நியூட்ரல் கட்" என்று பெயர்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேஸும் நியூட்ரலும் கொடுக்கப்படுவதால் 230 வோல்ட் கிடைக்கிறது. ஆனால் இரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அப்பால் உள்ள வீடுகளின் நியூட்ரல்கள் தங்களுக்குள் இணைந்திருக்கின்றன, டிரான்ஸ்பார்மரோடு மட்டும் தொடர்பு இல்லை. எளிமைக்காக, வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மின்சாரம் முதல் பேஸிலிருந்து ஒரு வீட்டின் சாதனங்கள் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து அடுத்த வீட்டின் சாதனங்கள் வழியாக இரண்டாவது பேஸுக்குப் போகிறது. இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரில் இணைந்த இரண்டு பல்புகளாகிவிடுகின்றன.

ஒரு வீட்டில் 100 வாட் பல்பு ஒன்று மட்டும் எரிகிறது, பக்கத்து வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்போம். தடைகள் பத்துக்கு ஒன்று; ஆகவே 400 வோல்ட்டில் 364 வோல்ட் பல்பு எரியும் வீட்டுக்கும், 36 வோல்ட் பெட்டி ஓடும் வீட்டுக்கும் போகின்றன. குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டின் சாதனங்களே கருகுகின்றன. நியூட்ரல் போன நாளில் "நாங்கள் டிவி மட்டும்தானே போட்டிருந்தோம், ஏசி போட்ட வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே" என்று புலம்புபவர்கள் சொல்வது அப்படியே உண்மை. டிவி மட்டும் போட்டிருந்ததே அவர்களுக்கு வினையாகிவிட்டது. பலகையில் 40 வாட் பல்பு எதனால் பிரகாசமாக எரிந்ததோ, அதே காரணத்தால் அந்த வீட்டின் டிவி எரிகிறது.

இதற்கு எம்.சி.பி.யை நம்பியிருக்க முடியாது. அது மின்னோட்டம் மிகும்போது விழுவதற்காகச் செய்தது. இங்கே சாதனம் கருகும் வரை மிகுந்திருப்பது மின்னழுத்தம், மின்னோட்டம் எம்.சி.பி.யின் அளவுக்குள்ளேயே இருக்கிறது. அறிகுறி ஒன்று உண்டு. சில விளக்குகள் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக வெள்ளையாக எரியும், மின்விசிறி வேகமெடுக்கும். அதே நேரத்தில் அக்கம்பக்கத்தில் சில வீடுகளில் விளக்கு மங்கும். எங்கோ ஒரு மோட்டாரோ பிரிட்ஜோ ஓடத் தொடங்கும் போதெல்லாம் இந்த ஏற்ற இறக்கம் மாறிக்கொண்டிருக்கும். அப்போது ஒவ்வொரு சாதனமாக அணைத்துக்கொண்டிருந்தால், நம் வீட்டின் தடை ஒவ்வொரு முறையும் கூடி, எஞ்சியிருக்கும் சாதனத்துக்கு வோல்ட் இன்னும் ஏறும். தயங்காமல் முதலில் அணைக்க வேண்டியது மெயின் சுவிட்சைத்தான்.